உங்களுக்குத் தெரியுமா? கிரவுன் வீலும் பினியனும்

90 டிகிரி திருப்பம்

லாரியின் எஞ்சினிலிருந்து வரும் சுழற்சி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாக வண்டியின் நீளவாக்கில் பின்னால் போகிறது. பின் சக்கரங்களின் அச்சோ குறுக்குவாக்கில் இருக்கிறது. இந்தச் செங்கோணத் திருப்பத்தைப் பின் அச்சின் வயிற்றுக்குள் இருக்கும் இரண்டே பல்சக்கரங்கள் செய்து முடிக்கின்றன. சிறியது பினியன், பெரியது கிரவுன் வீல். இரண்டும் பெவல் கியர் வகை. அதாவது பற்கள் உருளையின் மேல் வெட்டப்படாமல் கூம்பின் மேல் வெட்டப்பட்டவை. கைத்துளைக் கருவியிலும், வெல்டிங் பட்டறையில் அலறும் ஆங்கிள் கிரைண்டரின் தலையிலும் இதே வேலைதான் சிறிய அளவில் நடக்கிறது.

தள்ளினால் கெடும்

சாதாரண நேர்ப்பல் சக்கரத்தை அதன் ஷாஃப்ட்டின் மேல் ஒரு மில்லிமீட்டர் இப்படியோ அப்படியோ தள்ளி வைத்தாலும் பெரிய கேடு எதுவும் வராது. பற்கள் அகலத்தில் கொஞ்சம் விலகி நிற்கும், அவ்வளவுதான். பெவல் கியரில் அந்தச் சலுகை கிடையாது. இரண்டு கூம்புகளின் உச்சிகளும் ஒரே புள்ளியில், இரண்டு அச்சுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சந்தித்தால்தான் பற்கள் முழு நீளத்துக்கும் சரியாக உருளும். ஒரு சக்கரத்தை அச்சோடு நகர்த்தினால் அதன் உச்சி அந்தப் புள்ளியை விட்டு விலகிவிடும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகல்கூடப் பல்லில் தெரியும்.

அச்சுகள் வெட்டும் புள்ளியிலிருந்து சக்கரத்தின் பின்முகம், அதாவது அது பேரிங்கின் மேலோ தோளின் மேலோ உட்காரும் முகம் வரை உள்ள தொலைவுதான் மவுண்டிங் தூரம். பினியனுக்கு ஒன்று, கிரவுன் வீலுக்கு ஒன்று. தொழிற்சாலையில் அந்த ஜோடியைச் சோதனை இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்து, எந்தத் தொலைவில் அமைதியாக ஓடியதோ அதையே அதன் சரியான தூரமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

சில பட்டறைகளில் இரண்டு சக்கரங்களின் வெளி ஓரங்களும் மட்டமாக வந்துவிட்டால் சரி என்று விட்டுவிடுகிறார்கள். சாதாரண நேர்ப்பல் பெவலில் அது ஒரு தொடக்கத்துக்கு உதவலாம். லாரியின் கிரவுன் வீலுக்கு அந்த அளவுகோல் போதாது. வெளி ஓரம் கடைசல் வேலையில் வந்தது. பல்லின் வடிவம் அந்த ஓரத்தைப் பார்த்து வெட்டப்படுவதில்லை.

பினியன் தலையில் உள்ள எண்கள்

புதிய கிரவுன், பினியன் ஜோடியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் துணியால் துடைத்துவிட்டு உற்றுப் பாருங்கள். பினியனின் முனையிலும் கிரவுன் வீலின் ஓரத்திலும் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்று ஜோடி எண். இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். இன்னொன்று பற்களின் எண்ணிக்கை, 41/7 என்பதுபோல. மூன்றாவது, கூட்டல் அல்லது கழித்தல் குறியோடு ஒரு சிறிய எண். இந்தப் பினியன் தன் பெயரளவு மவுண்டிங் தூரத்திலிருந்து எவ்வளவு விலகி உட்கார வேண்டும் என்பதை அது சொல்கிறது. கூட்டல் என்றால் அச்சுகள் வெட்டும் மையத்தை விட்டுத் தள்ளி, கழித்தல் என்றால் மையத்தை நோக்கி. சில ஜோடிகளில் பேக்லாஷ் அளவும் பொறித்திருக்கும்.

ஜோடி எண் பொருந்தாத சக்கரங்களைச் சேர்த்துப் போடக்கூடாது. பற்களை வெட்டிய பிறகு சூடேற்றிக் கடினப்படுத்துகிறார்கள். அந்தச் சூட்டில் எஃகு நூலிழை அளவு கோணும். அந்தக் கோணலைத் தீர்க்க, இரண்டு சக்கரங்களையும் அரைக்கும் பசையோடு ஒன்றோடொன்று ஓடவிடுகிறார்கள். அப்போது இந்தப் பினியனின் பற்கள் இந்தக் கிரவுன் வீலுக்கென்றே தேய்ந்து இணங்குகின்றன. பினியன் மட்டும் உடைந்திருந்தாலும் ஜோடியாகவே மாற்றச் சொல்வதற்குக் காரணம் இதுதான். கடைக்காரர் லாபத்துக்காகச் சொல்கிறார் என்று நினைப்பது தவறு.

41-ம் 7-ம் ஏன்?

42 பல்லும் 7 பல்லும் வைத்திருந்தால் விகிதம் சரியாக 6 என்று வந்திருக்கும். ஆனால் அப்போது பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுன் வீலின் அதே ஆறு பற்களையே வாழ்நாள் முழுக்கச் சந்தித்துக்கொண்டிருக்கும். ஒரு பல்லில் சிறு குறை இருந்தால் அந்த ஆறு பற்கள் மட்டும் விரைவாகத் தேயும். 41-க்கும் 7-க்கும் பொதுக் காரணி கிடையாது. அதனால் பினியனின் ஒரு பல், கிரவுன் வீலின் 41 பற்களையும் ஒருமுறை தொட்ட பிறகே முதல் பல்லுக்குத் திரும்பும். பினியன் 41 சுற்று, கிரவுன் வீல் 7 சுற்று முடிந்தால்தான் பழைய ஜோடி மறுபடி சேரும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பகிர்ந்து போகிறது.

இடைவெளி இல்லாத பல் எரியும்

பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு கிரவுன் வீலைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டினால் ஒரு சிறு விளையாட்டு தெரியும். அதுதான் பேக்லாஷ். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் நிற்கவும், சூட்டில் எஃகு விரிந்தால் இறுகிப் பிடிக்காமல் இருக்கவும் அந்த இடம் வேண்டும். கனரக லாரி அச்சுகளில் இது பெரும்பாலும் 0.20 மி.மீ. முதல் 0.45 மி.மீ. வரை இருக்கும். புதிய ஜோடியை 0.30 மி.மீ. அருகே வைக்கச் சொல்லும் கையேடுகள் உண்டு. உங்கள் அச்சுக்கான கையேடு என்ன சொல்கிறதோ, பினியனில் என்ன பொறித்திருக்கிறதோ அதுவே இறுதி.

குறைந்தால் என்ன ஆகும்? பற்களின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் உரசி, எண்ணெய் வெளியே பிதுங்கி, ஹவுசிங் கை வைக்க முடியாதபடி சுடும். கூடினால் ஓட்டுநர் ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது பின்னாலிருந்து ‘டக்’ என்று ஓர் அடி கேட்கும். சுமை திசை மாறும் ஒவ்வொரு முறையும் பல்லின் மேல் சுத்தியல் அடி விழுவதற்குச் சமம் அது.

டயல் கேஜை எங்கே வைப்பது?

பேக்லாஷை விரலால் ஆட்டிப் பார்த்து மதிப்பிடும் கைகள் இருக்கின்றன. அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 0.20-க்கும் 0.35-க்கும் உள்ள வேறுபாட்டை எந்த விரலும் நம்பிச் சொல்ல முடியாது. காந்த அடித்தளத்தோடு உள்ள டயல் கேஜை கேரியரின் மேல் நிறுத்தி, அதன் முனையைக் கிரவுன் வீல் பல்லின் வெளி ஓரத்தருகே, பல் நகரும் திசைக்கு நேராகத் தொடும்படி வையுங்கள். முனை சாய்ந்து நின்றால் அளவு பொய்யாகும். உள்பக்கம் தள்ளி வைத்தால் வட்டத்தின் ஆரம் குறைவதால் அளவும் குறைந்து தெரியும்.

ஒரே இடத்தில் அளந்து நிறுத்திவிடாதீர்கள். கிரவுன் வீலைக் கால் சுற்றாகத் திருப்பி நான்கு இடத்திலாவது அளக்க வேண்டும். 0.30, 0.33, 0.36, 0.33 என்று வந்தால் வீல் சற்றே ஆடுகிறது என்று பொருள். இந்த அளவு ஆட்டம் ஏற்கக்கூடியது. மிகக் குறைந்த அளவு வரும் இடத்தை வைத்துத்தான் பேக்லாஷைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஓர் இடத்தில் பற்கள் இறுகிவிடும்.

நான்கு அளவுகளுக்குள் வேறுபாடு பெரிதாக இருந்தால், வீலின் பின்முகத்தில் டயல் கேஜை வைத்து ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். ஆட்டம் 0.20 மி.மீ.-யைத் தாண்டினால் கழற்றியாக வேண்டும். பெரும்பாலும் காரணம் எளிமையானது: வீலுக்கும் அதைத் தாங்கும் டிஃபரென்ஷியல் கூண்டுக்கும் நடுவே ஒரு சுரண்டல் துகள், அல்லது போல்ட் துளையின் ஓரத்தில் ஒரு பிசிறு. வீலைச் சுத்தியலால் தட்டி ஏற்றினாலும் இப்படி ஆகும். 70 முதல் 80 டிகிரி சூட்டில் உள்ள தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் வீல் விரிந்து, அந்தக் கூண்டின் மேல் தானாக உட்கார்ந்துவிடும். நெருப்பு வைத்துச் சூடாக்கினால் பல்லின் கடினம் போய்விடும்.

பேக்லாஷ் சரி, ஆனால் ஊளை ஏன்?

இந்தத் தொழிலில் எனக்கு மிக முக்கியமாகப் படும் செய்தி இது. பேக்லாஷ் சரியாக இருப்பதால் மட்டும் பொருத்தம் சரியாகிவிடாது. பினியனை மையத்தை நோக்கிக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, அதற்கு ஈடாகக் கிரவுன் வீலை விலக்கி வைத்தால் அதே 0.30 வரும். பினியனை வெளியே இழுத்து, வீலை நெருக்கினாலும் அதே 0.30 வரும். டயல் கேஜுக்கு இந்த இரண்டும் ஒன்றுதான். பல்லுக்கு இரண்டும் ஒன்றல்ல, ஊளை பிறப்பது அங்கேதான்.

ஏன் அப்படி? கூம்பின் சாய்வுதான் காரணம். 41/7 ஜோடியில் கிரவுன் வீல் ஏறக்குறைய தட்டையான கூம்பு. அதை 0.10 மி.மீ. நகர்த்தினால் பேக்லாஷ் 0.07 முதல் 0.09 மி.மீ. வரை மாறும். பினியனோ ஒடுங்கிய, நீண்ட கூம்பு. அதை அதே 0.10 மி.மீ. நகர்த்தினாலும் பேக்லாஷில் 0.01 மி.மீ.-க்குச் சற்று மேல்தான் மாற்றம் தெரியும். கேஜின் முள் அசைந்ததா இல்லையா என்று சந்தேகப்படும் அளவு அது. ஆகவே பினியன் இடம் தவறியிருந்தால் பேக்லாஷ் அதைக் காட்டிக் கொடுக்காது. அதைக் காட்டிக் கொடுப்பது பல்லின் மேல் விழும் தடம் மட்டுமே.

இரண்டு சக்கரங்களும் ஒரே அளவாக உள்ள ஒன்றுக்கு ஒன்று பெவலில் இந்தக் கணக்கு மாறும். அங்கே கூம்பு இரண்டும் 45 டிகிரி. நேர்ப்பல்லாக இருந்தால் எதை 0.10 நகர்த்தினாலும் பேக்லாஷ் ஏறக்குறைய 0.05 மாறும்.

தடம் எடுக்கும் முறை

வேண்டியது பல் குறிக்கும் பசை. மஞ்சளாகவோ வெள்ளையாகவோ டப்பாவில் கிடைக்கும். பழைய பட்டறைகளில் ரெட் லெட் பொடியை எண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள். அது ஈயச் சேர்மம், கையிலும் நகக்கண்ணிலும் தங்கும். இப்போது அதற்குத் தேவையே இல்லை.

கிரவுன் வீலில் சுமார் 12 பற்களை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, இரண்டு பக்கமும் மெல்லியதாக, சீராகப் பூசுங்கள். தடிமனாகப் பூசினால் தொடாத இடமும் தொட்டதுபோலக் காட்டும். வீலைக் கையால் முன்னும் பின்னும் திருப்பி, அந்தப் பற்கள் பினியனைப் பல முறை கடக்கும்படி செய்யுங்கள். பினியன் சும்மா சுழன்றால் தடம் தெளிவாக விழாது. ஒருவர் பினியனின் ஃபிளேஞ்சைத் துணியால் சுற்றி இறுக்கிப் பிடித்துத் தடை கொடுக்க வேண்டும். பசை விலகி எஃகு பளபளக்கும் இடமே தடம்.

படிக்கும்போது வண்டி முன்னோக்கி இழுக்கும் பக்கத்தை முதலில் பாருங்கள். சுருள் பல் உள்ள லாரி அச்சில் அது கிரவுன் வீல் பல்லின் குவிந்த பக்கம். குழிந்த பக்கம், ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டி எஞ்சினைத் தள்ளும்போதும் ரிவர்ஸிலும் வேலை செய்வது. லாரியின் வாழ்நாளில் பெரும்பங்கு சுமை குவிந்த பக்கத்தில்தான். ஆகவே இரண்டில் ஒன்று கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தால் குழிந்த பக்கமே விட்டுக்கொடுக்கட்டும். ஆனாலும் அதையும் பார்க்காமல் விடக்கூடாது.

நல்ல தடம் நடுவில் இருக்காது

புதிதாகத் தடம் பார்ப்பவர்கள் பல்லின் நீளத்தில் நட்டநடுவில் வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். கையால் சுற்றி எடுக்கும் தடம் பல்லின் உள்முனையை, அதாவது மெக்கானிக்குகள் டோ என்று சொல்லும் சிறிய முனையை நோக்கிச் சற்றே தள்ளி நிற்பதுதான் நல்லது. உயரத்தில் மட்டும் நடுவாக இருக்க வேண்டும். நீளம் பல்லின் பாதிக்குச் சற்று மேல் இருந்தால் போதும். எந்த ஓரத்தையும் தொடக்கூடாது.

காரணம் இது. பத்து டன் பாரத்தோடு மேட்டில் ஏறும்போது பினியன், கிரவுன் வீல், பேரிங், கேரியர் எல்லாமே நூலிழை அளவு வளைகின்றன. அந்த வளைவில் தடம் விரிந்து, ஹீல் எனப்படும் பெரிய வெளிமுனையை நோக்கி நகரும். வெறும் கையில் டோ பக்கம் இருந்தது, பாரத்தில் நடுவுக்கு வந்து பல் முழுவதையும் பயன்படுத்தும். வெறும் கையிலேயே ஹீல் பக்கம் இருந்தால் பாரத்தில் அது ஓரத்துக்கு ஓடி, பல்லின் மூலையைச் சிதைக்கும். இந்த நகர்வுக்கு இடம் கொடுக்கவே பல்லின் நடுவைத் துளி மேடாக வெட்டுகிறார்கள்.

உயரத்துக்குப் பினியன், நீளத்துக்கு வீல்

தடம் கிரவுன் வீல் பல்லின் நுனியருகே மேலே நின்றால் பினியன் மையத்தை விட்டு விலகி இருக்கிறது. உள்ளே கொண்டுவர வேண்டும். தடம் பல்லின் வேரருகே கீழே கிடந்தால் பினியன் அளவுக்கு மீறி உள்ளே போயிருக்கிறது. வெளியே எடுக்க வேண்டும்.

தடம் டோவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் வீலைப் பினியனிலிருந்து விலக்குங்கள், பேக்லாஷ் கூடும். ஹீலில் ஒட்டிக்கொண்டிருந்தால் வீலைப் பினியனுக்கு நெருக்குங்கள், பேக்லாஷ் குறையும். இரண்டும் அனுமதித்த பேக்லாஷ் எல்லைக்குள்தான்.

இது முதல் கணக்கு மட்டுமே. சுருள் பல்லில் ஒன்றை நகர்த்தினால் மற்றதும் கொஞ்சம் நகரும். பினியனை உள்ளே தள்ளினால் குவிந்த பக்கத் தடம் கீழே இறங்குவதோடு டோ பக்கமும் சற்றுப் போகும். குழிந்த பக்கத் தடமோ இறங்கியபடி ஹீல் பக்கம் போகும். இப்படி இரு பக்கத் தடங்களும் எதிரெதிர் முனைகளுக்கு விலகினால் கோளாறு பினியனில்தான் என்று ஊகிக்கலாம். வீலை நெருக்கினால் இரண்டு பக்கத் தடமும் சேர்ந்தே டோவை நோக்கி நகரும்.

ஷிம் கூட்டினால் உள்ளேயா, வெளியேயா?

அச்சின் அமைப்பைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பல கனரக லாரிகளில் பினியனும் அதன் பேரிங்குகளும் தனிக் கூண்டில் இருக்கும். ஷிம் அந்தக் கூண்டுக்கும் கேரியருக்கும் நடுவே வரும். அங்கே ஷிம்மைக் கூட்டினால் பினியன் வெளியே வரும். வேறு பல வண்டிகளில், முக்கியமாகச் சிறிய வண்டிகளில், ஷிம் பினியன் தலைக்கும் உள் பேரிங்குக்கும் நடுவே இருக்கும். அங்கே ஷிம்மைக் கூட்டினால் பினியன் உள்ளே போகும். ஒரு வகையில் கைபழகியவர் மற்ற வகையைத் தொடும்போது தலைகீழாகச் செய்து, தடம் ஏன் இன்னும் மோசமாகிறது என்று குழம்புவதுண்டு.

ஒரு கணக்கு, ஷிம்மிலிருந்து தடம் வரை

கூண்டு வகை அச்சு, 41/7 ஜோடி. பழைய ஜோடியைக் கழற்றும்போது கூண்டின் கீழ் இருந்த ஷிம் அடுக்கை மைக்ரோமீட்டரில் அளந்தால் 0.76 மி.மீ. பழைய பினியனில் +0.05 என்று பொறித்திருக்கிறது. புதியதில் –0.08.

அவசரத்தில் பழைய ஷிம்மையே திரும்பப் போட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். வீலைச் சரிசெய்து பேக்லாஷ் 0.32 என்று வைத்தாயிற்று. எல்லைக்குள்தான் இருக்கிறது. உதவியாள் கேட்கிறான், “அண்ணே, மூடிடலாமா?” “இரு தம்பி, மஞ்சள் பூசு.” குவிந்த பக்கத் தடம் பல்லின் நுனியை ஒட்டி, சற்றே ஹீல் பக்கம் சாய்ந்து விழுகிறது. குழிந்த பக்கத் தடமும் மேலேதான், ஆனால் டோ பக்கம். எதிரெதிர் முனைகள், கோளாறு பினியனில்.

இப்போது கணக்கு. பழைய பினியன் 0.05 தள்ளி உட்கார வேண்டியது என்பதால் அதற்கான ஷிம்மைக் கழித்தால் பெயரளவு ஷிம் 0.76 – 0.05 = 0.71. புதிய பினியன் 0.08 உள்ளே உட்கார வேண்டும் என்பதால் 0.71 – 0.08 = 0.63 மி.மீ. அதாவது பினியன் 0.13 மி.மீ. தள்ளி நிற்கிறது. தடம் சொன்னதும் அதைத்தான்.

0.13 மி.மீ. ஷிம்மை எடுத்துவிட்டுக் கூண்டைத் திரும்ப முறுக்கினால் பேக்லாஷ் 0.32-லிருந்து 0.30 அருகே இறங்கும். கூம்பின் கணக்கும் ஏறக்குறைய 0.02 என்றுதான் சொல்கிறது. மறுபடி பூசி எடுத்தால் தடம் உயரத்தில் நடுவுக்கும், நீளத்தில் டோ பக்கம் சற்றுத் தள்ளியும் வந்து நிற்க வேண்டும். வீலைத் தொடவே தேவையில்லை.

பேரிங்கும் புதிதாக மாற்றப்பட்டிருந்தால் அதன் உயரத்தில் உள்ள சிறு வேறுபாடும் இதில் கலந்துவிடும். அதனால் இந்தக் கணக்கைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டு, முடிவைத் தடத்திடம் விடுவதுதான் சரி. கூண்டின் கீழ் எந்த ஷிம்மும் மடிந்தோ கிழிந்தோ இருக்கக்கூடாது, அது 0.13-ஐ விடப் பெரிய பிழையைக் கொண்டுவரும்.

அட்ஜஸ்டரை ஒரு பக்கம் மட்டும் திருப்பாதீர்கள்

கிரவுன் வீலின் இரு பக்கப் பேரிங்குகளையும் மரையுள்ள அட்ஜஸ்டர் வளையங்கள் தாங்குகின்றன. வீலை விலக்க வேண்டுமானால் முதலில் வீலின் பின்புறத்து அட்ஜஸ்டரைத் தளர்த்தி, பிறகு பற்கள் உள்ள பக்கத்து அட்ஜஸ்டரை அதே அளவு இறுக்க வேண்டும். ஒன்றில் எத்தனை காடி தளர்த்தினோமோ அத்தனை காடி மற்றதில் இறுக்கினால் பேரிங்கின் இறுக்கம் மாறாது. இறுக்கம் குறைந்தால் பாரத்தில் வீல் நழுவும், நீங்கள் பார்த்து வைத்த தடம் சாலையில் இருக்காது.

ரிவர்ஸில் பினியன் உள்ளே இழுக்கப்படும்

சுருள் பல், சக்கரங்களைச் சுழற்றுவதோடு அவற்றை அச்சோடும் தள்ளுகிறது. முன்னோக்கிப் போகும்போது பினியன் மையத்தை விட்டு வெளியே தள்ளப்படும்படி சுருளின் திசையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்போது பற்கள் இறுகாது. ரிவர்ஸில் திசை மாறி, பினியன் மையத்தை நோக்கி இழுக்கப்படுகிறது. பினியன் பேரிங் தளர்ந்திருந்தால் இந்த இழுப்பில் அது உள்ளே நகர்ந்து பேக்லாஷைத் தின்றுவிடும். பாரத்தோடு மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் பின்னால் ஒரு முனகல் கேட்டால் முதலில் பினியன் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். தடம் எடுப்பதற்கு முன்பே பினியன் பேரிங்கின் இறுக்கத்தைச் சரிபார்க்கச் சொல்வதும் இதனால்தான். பினியன் கூண்டைச் சுற்றிக் கயிறு சுற்றி, ஸ்பிரிங் தராசால் இழுத்து, சுழலும்போது தராசு காட்டும் எடையைக் கூண்டின் ஆரத்தால் பெருக்கினால் சுழற்சித் தடை கிடைக்கும். கயிறு அசையத் தொடங்கும் கணத்தின் அளவை எடுக்கக்கூடாது. சீராகச் சுழலும்போது வருவதே கணக்கு.

ராச்செஸ்டரின் இயந்திரம்

பெவல் பல்லைச் சரியான வடிவில் வெட்டுவது நெடுங்காலம் கைத்திறனாகவே இருந்தது. பல் ஒரு முனையில் பெருத்து மறுமுனையில் சிறுத்துப் போவதால் சாதாரண வெட்டுக்கருவி அதற்குப் பொருந்தாது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் வில்லியம் கிளீசன் 1874-ல் பெவல் கியரை இழைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அதே கிளீசன் நிறுவனம் 1913-ல் சுருள் பெவலை வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. பினியன் அச்சை வீலின் மையத்துக்குக் கீழே இறக்கிவைக்கும் ஹைப்பாய்டு வகையும் 1920-களில் அங்கிருந்தே வந்தது. அதில் பற்கள் உருள்வதோடு நீளவாக்கில் வழுக்கவும் செய்வதால் சாதாரண கியர் எண்ணெய் தாங்காது. கையேட்டில் சொன்ன அதே தர எண்ணெயை ஊற்ற வேண்டும்.

பழைய ஜோடிக்கு வேறு விதி

பேரிங்கோ ஆயில் சீலோ மாற்றுவதற்காகக் கழற்றுகிறீர்கள். கிரவுனும் பினியனும் நன்றாகவே இருக்கின்றன. அவற்றையே திரும்பப் போடப்போகிறீர்கள். அப்போது புதிய ஜோடியின் 0.30-ஐத் தேடிப் போகக்கூடாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடியதில் அந்தப் பற்கள் ஒரு குறிப்பிட்ட நிலையில் ஒன்றுக்கொன்று இணங்கித் தேய்ந்திருக்கின்றன. வீலை நெருக்கிப் பேக்லாஷைக் குறைத்தால் தேயாத விளிம்பும் தேய்ந்த முகமும் புதிதாக மோதி, அதுவரை இல்லாத ஊளை தொடங்கும். ஆகவே முதல் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே டயல் கேஜை வைத்துப் பேக்லாஷை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 0.42 இருந்தால் 0.42-க்கே திரும்ப வையுங்கள். எல்லையைத் தாண்டி 0.60 என்று வந்தால் ஜோடியையே மாற்றும் காலம் வந்துவிட்டதா என்று பாருங்கள். பேரிங் மூடிகளுக்கும் கேரியருக்கும் பஞ்சால் குறியிட்டு, எது இடம், எது வலம் என்று அடையாளம் வைத்துவிட்டுக் கழற்றுங்கள். மூடிகள் அதே இடத்தில் கடையப்பட்டவை. இடம் மாறினால் பேரிங் நேராக உட்காராது.